நீர் மாத்திரை, மனநல மாத்திரை: சர்க்கரை ஏறினால் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ஆய்வக அறிக்கை சொன்னால், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது சோறும் இனிப்பும்தான். பங்குனி, சித்திரையில் பண்ருட்டிப் பலாவும் கூடவே ஏறிக்கொள்ளும். ஸ்டீராய்டு போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறும் என்பதும் இப்போது பலருக்குத் தெரியும். ஆனால், ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கும் சாதாரண மாத்திரைகள் சிலவும் சர்க்கரையைச் சற்றே மேலே தள்ளும் என்று சொன்னால், கடலூரில் என் மருந்துக் கடைக்கு வருபவர்கள் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பும் மீதிப் பேர் அன்றிரவே அந்த மாத்திரையை நிறுத்திவிடப் பார்க்கிறார்கள். இரண்டாவது வகையினரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஒரு மாத்திரையின் மேல் சந்தேகம் வந்தால் செய்யக்கூடியவை நான்குதான். அதை நிறுத்தலாம், அளவைக் குறைக்கலாம், வேறொன்றுக்கு மாறலாம், அல்லது அதை அப்படியே வைத்துக்கொண்டு சர்க்கரையைத் தனியாகக் கவனிக்கலாம். எது சரி என்பது மருந்துக்கு மருந்து மாறும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரைக்குப் பொருந்தும் விடை, மனநோய்க்குத் தரும் ஓலன்சபினுக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்த நான்கு வழிகளையும் பார்க்கிறேன். முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர்தான். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பேச்சு வேகமாக நடக்கும்.

கால் வீக்கத்தில் தொடங்கிய சர்க்கரை

செம்மண்டலத்திலிருந்து வரும் ஓர் அம்மா. வயது 61. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தார். அழுத்தம் 150-க்குக் கீழே இறங்கவில்லை என்று அதை 10 மி.கி. ஆக்கினார்கள். அழுத்தம் இறங்கியது. ஆனால் சில வாரங்களில், மாலையானால் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. வீக்கத்தைக் காட்டப் போன இடத்தில் 'நீர் கோத்திருக்கிறது' என்று குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையை 12.5 மி.கி. சேர்த்துக் கொடுத்தார்கள். வீக்கம் பெரிதாக வடியவில்லை. அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கியது, ஆகவே மாத்திரை தொடர்ந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு பொதுப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. முந்தைய ஆண்டு அது 97. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3. இந்த முறை வேறொரு இடத்தில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு 1 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுடன்தான் அவர் கடைக்கு வந்தார்.

"தம்பி, எங்கள் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. எனக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது" என்றார். இரவில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது, அதற்கும் ஏதாவது மாத்திரை வேண்டும் என்று கேட்டார். சதைப்பிடிப்பைச் சொன்னதும் எனக்குச் சர்க்கரையைவிடப் பொட்டாசியத்தின் மேல்தான் கவனம் போனது. மருத்துவரைப் பார்த்து அதைச் சோதிக்கச் சொன்னேன். 3.2 என்று வந்தது. 3.5-க்குக் கீழே போனாலே குறைவு.

இங்கே நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது மாத்திரை. இரண்டாவதின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எடுத்துக்கொண்டு மூன்றாவது. சதைப்பிடிப்புக்குக் கேட்ட மாத்திரையும் கிடைத்திருந்தால் நான்காவதும் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் எழுதியவர் தன் முன்னால் தெரிந்ததற்குத்தான் எழுதியிருக்கிறார். முழு வரிசை யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

அம்லோடிபின் தரும் வீக்கம், உடலில் உப்பும் நீரும் மிகுந்து வருவதல்ல. அந்த மருந்து மிக நுண்ணிய தமனிகளை விரிக்கிறது. சிரைகளின் பக்கம் அந்த அளவு விரிவதில்லை. இடையில் உள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் திசுவுக்குள் கசிகிறது. அதனால்தான் நீர் மாத்திரை போட்டும் அந்த வீக்கம் முரண்டு பிடிக்கிறது. அம்லோடிபின் அளவைக் குறைத்தாலோ, டெல்மிசார்டன் போன்ற வேறு வகை ரத்த அழுத்த மருந்தைச் சேர்த்தாலோ வடிகிறது. டெல்மிசார்டன் வகை சிரைப் பக்கத்தையும் கொஞ்சம் விரிப்பதால் கசிவு குறைகிறது.

சர்க்கரைப் பக்கம் வருவோம். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டபமைடு மூன்றும் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். இவை உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும்போது பொட்டாசியமும் கூடவே போகிறது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை வெளியே விட வேண்டுமானால் அவற்றின் சவ்வில் மின்னழுத்தம் மாற வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அந்த மாற்றம் மந்தமாகிறது, சாப்பிட்டவுடன் வர வேண்டிய இன்சுலின் தாமதிக்கிறது. பொட்டாசியம் மட்டுமே முழுக் காரணம் அல்ல. ஆனால் கையில் பிடித்துத் திருத்தக்கூடிய காரணம் அதுதான்.

நீர் மாத்திரைக்கு முன்னால் உள்ள வழிகள்

முதல் வழி, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு கிளிமெபிரைடைச் சேர்ப்பது. இந்த அம்மாவுக்கு இது மிக மோசமான தேர்வு என்பது என் கருத்து. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-இல்தான் நீரிழிவு தொடங்குகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் அந்தக் கோடு 126. இவர் இரண்டிலும் கோட்டைத் தாண்டவில்லை. கிளிமெபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும் மருந்து. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். கிருத்திகைக்கு விரதம் இருக்கும் ஒருவருக்குப் பிற்பகலில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து விழ இதுவே போதும்.

இரண்டாவது, நீர் மாத்திரையை மட்டும் நிறுத்துவது. பொட்டாசியம் மீளும், சர்க்கரையும் பலருக்கு இறங்கும். ஆனால் அது பிடித்து வைத்திருந்த ரத்த அழுத்தம் சில வாரங்களில் மேலே வரும். இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். சர்க்கரையில் 10, 15 புள்ளி குறைந்ததைப் பார்த்து மகிழ்கிறார்கள். அழுத்தம் 20 புள்ளி ஏறியதை யாரும் அளப்பதில்லை. பக்கவாதம் வருவது பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்துதான்.

நீர் மாத்திரை இழிவான மருந்தல்ல என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1991-இல் வெளிவந்த ஷெப் ஆய்வில், மேல் அழுத்தம் மட்டும் உயர்ந்திருந்த முதியவர்களுக்கு 12.5 மி.கி. குளோர்தாலிடோனில் தொடங்கிச் சிகிச்சை கொடுத்தபோது பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. 2002-இல் வந்த ஆல்ஹாட் ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் நீரிழிவு இல்லாதவர்களில், நான்காம் ஆண்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டவர்கள் குளோர்தாலிடோனில் 11.6 விழுக்காடு, அம்லோடிபினில் 9.8, லிசினோபிரிலில் 8.1. சர்க்கரை ஏறியது உண்மை. ஆனால் மாரடைப்பில் குளோர்தாலிடோன் மற்ற இரண்டுக்கும் பின்தங்கவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் இரண்டையும்விட நன்றாகவே இருந்தது. 9.8-க்கும் 11.6-க்கும் உள்ள இடைவெளி நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் 'நீர் மாத்திரை சர்க்கரை நோயைக் கொண்டுவரும்' என்ற பீதி அதன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

மூன்றாவது வழி, நீர் மாத்திரையை வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைத் திருத்துவது. எனக்குப் பிடித்த வழி இது, ஏனோ அதிகம் எழுதப்படுவதில்லை. அமிலோரைடு என்ற பழைய, மலிவான மருந்து பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் நீர் மாத்திரை. 2015-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் ஹைட்ரோகுளோரோதயசைடைத் தனியாகக் கொடுத்தபோது, குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை ஏறியது. அதையே பாதி அளவாக்கி, பாதி அளவு அமிலோரைடுடன் சேர்த்துக் கொடுத்தபோது சர்க்கரை ஏறவில்லை. ரத்த அழுத்தமும் கூடுதலாகவே இறங்கியது. டெல்மிசார்டன் போன்ற மருந்தும் ஓரளவு பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். அதனால்தான் டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் ஒரே மாத்திரையாக வருவது வெறும் வசதிக்காக மட்டும் இல்லை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் கருவாடு. முதுநகர்ப் பக்கத்துக் குடும்பங்களில் நீர் மாத்திரையும் நடக்கும், கருவாட்டுக் குழம்பும் நடக்கும். உப்பு மிகுந்தால் மருந்தின் வேலை குறைவதோடு நிற்பதில்லை. சிறுநீரகக் குழாய்களின் கடைப் பகுதிக்குச் சோடியம் எவ்வளவு அதிகம் வந்து சேர்கிறதோ, அவ்வளவு பொட்டாசியம் பதிலுக்கு வெளியேறும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் உப்பைக் குறைத்தால் பொட்டாசியமும் காப்பாற்றப்படும். இளநீரும் வாழைப்பழமும் போதுமே என்பார்கள். லேசான குறைவுக்குச் சரி. ஆனால் டெல்மிசார்டனோ ஸ்பைரோனோலாக்டோனோ சாப்பிடுபவர், அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவர், தினமும் இரண்டு இளநீர் குடித்தால் பொட்டாசியம் எதிர்த் திசையில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். சோதித்துப் பார்த்த எண் இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

நான்காவது வழி, வரிசையின் தொடக்கத்துக்கே போவது. அந்த அம்மாவுக்கு மருத்துவர் செய்தது இதுதான். அம்லோடிபினை மறுபடி 5 மி.கி. ஆக்கினார். டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்த்தார். குளோர்தாலிடோனை எடுத்துவிட்டார். கிளிமெபிரைடைத் தொடங்கவேயில்லை. இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் டெல்மிசார்டன் தொடங்கியபின் சிலருக்கு இவை இரண்டும் ஏறக்கூடும். பொட்டாசியம் 4.1, கிரியேட்டினின் மாறவில்லை. நான்காம் வாரம் ரத்த அழுத்தம் 144/86 என்று இருந்ததால் டெல்மிசார்டனை 80 ஆக்கினார். அதன்பின் 132/80. வீக்கம் மூன்றாம் வாரத்திலேயே வடிந்துவிட்டது, சதைப்பிடிப்பும் நின்றது. மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, எச்பிஏ1சி 5.9.

97-க்குத் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். மாத்திரை தள்ளிவிட்ட பங்கு போய்விட்டது. தாய்வழி வந்த பங்கு அங்கேயே இருக்கிறது. மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு மறுபடி கவலையின்றி இருக்க முடியாது. அவருக்கு இனி ஆண்டுக்கு ஒரு முறையாவது சர்க்கரைப் பரிசோதனை தேவை.

இதே வழி எல்லாருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு நீர் மாத்திரைதான் மூச்சு விட வைக்கிறது. பெரும்பாலும் அது ஃபுரோஸ்மைடாகவோ டார்சமைடாகவோ இருக்கும். அதைச் சர்க்கரைக்காகத் தொடவே கூடாது. மூன்று மருந்து போட்டும் அடங்காத ரத்த அழுத்தத்துக்கும் நீர் மாத்திரை இன்றியமையாதது. அவர்களுக்கு மூன்றாவது வழி, அதாவது பொட்டாசியத்தைத் திருத்திக்கொண்டு தொடர்வதே நல்லது.

ஒரு கூட்டணியை மட்டும் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்: அட்டெனலாலும் நீர் மாத்திரையும் சேர்ந்து. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா தடுப்பான்களில் அட்டெனலாலும் மெட்டோபிரோலாலும் சர்க்கரையைச் சற்று ஏற்றுபவை. கார்வெடிலாலும் நெபிவோலாலும் அப்படியில்லை. 2004-இல் வந்த ஓர் ஒப்பீட்டில் மெட்டோபிரோலால் எச்பிஏ1சியை 0.15 ஏற்றியது, கார்வெடிலால் ஏற்றவில்லை. மாரடைப்பு வந்தவர், துடிப்புத் தாளம் தவறியவர் என்றால் பீட்டா தடுப்பான் இருந்தே ஆக வேண்டும். வெறும் ரத்த அழுத்தத்துக்காகப் பத்து ஆண்டுக்கு முன் எழுதியது பழக்கத்தால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இன்னும் வேண்டுமா என்று கேட்கலாம். திடீரென்று நிறுத்தக் கூடாது. இதயம் திமிறிப் படபடக்கும், நெஞ்சுவலி உள்ளவருக்கு ஆபத்தாகவும் முடியும். ஓரிரு வாரங்களில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஓலன்சபினில் கணக்கே வேறு

மனநல மருந்துகளுக்கு வந்தால், இரண்டு விஷயங்கள் தலைகீழாகின்றன. சர்க்கரையின் மேல் இவற்றின் தள்ளுதல் நீர் மாத்திரையைவிடப் பெரியது. அதே சமயம், மாற்றுவதன் விலையும் பெரியது. ரத்த அழுத்த மாத்திரை சரிப்படாவிட்டால் இரண்டு வாரத்தில் எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மனநோய் திரும்பினால் ஒரு வேலை போகலாம், படிப்பு நிற்கலாம், உயிரே போகலாம்.

எல்லா மருந்தும் ஒரே அளவில் தள்ளுவதில்லை. குளோசபினும் ஓலன்சபினும் முன்வரிசை. குவெடியாபினும் ரிஸ்பெரிடோனும் நடுவில். அரிபிப்ரசோல், சிப்ரசிடோன், லுராசிடோன் கடைசி வரிசை. பெரும்பகுதி, பசி கூடி எடை ஏறுவதன் வழியாக நடக்கிறது. ஆனால் எடை அதிகம் ஏறாமலேயே சர்க்கரை குதிப்பவர்களும் இருக்கிறார்கள். பீட்டா செல்லை இன்சுலின் விடச் சொல்லும் ஒரு நரம்புச் சமிக்ஞையைக் குளோசபினும் ஓலன்சபினும் தடுக்கின்றன என்பது அதற்கான விளக்கங்களில் ஒன்று. அதனால் 'ஒல்லியாகத்தானே இருக்கிறான், சர்க்கரை எங்கே வரும்' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அரியாங்குப்பம் பக்கத்திலிருந்து ஓர் அக்காள் தன் தம்பிக்கு மாத்திரை வாங்க வருவார். தம்பிக்கு 27 வயது. முதல் முறையாக நோய் வந்து, ஓலன்சபின் 10 மி.கி.யில் நன்றாகத் தேறியிருந்தான். மூன்று மாதத்தில் எடை 61 கிலோவிலிருந்து 70 ஆகியிருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 92-இலிருந்து 108. "சார், இராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து பழைய சோற்றைத் தேடுகிறான். இந்த மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார்.

நிறுத்துவது இங்கே தேர்வே இல்லை. முதல் நோயிலிருந்து தேறிய மாதங்களில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். அளவைக் குறைப்பதும் எடைக்குப் பெரிதாக உதவாது. ஓலன்சபினில் 10 மி.கி. ஏற்றும் எடையை 7.5 மி.கி.யும் ஏறக்குறைய ஏற்றிவிடும். நோயின் மேல் உள்ள பிடிதான் தளரும். ஆக, உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: அரிபிப்ரசோல் போன்ற ஒன்றுக்கு மாறுவது, அல்லது ஓலன்சபினிலேயே இருந்துகொண்டு மெட்ஃபார்மின் சேர்ப்பது.

மாறுவதன் சாதகம், காரணத்தையே எடுத்துவிடுகிறது. எடை பெரும்பாலும் நின்றுவிடும், சிலருக்கு இறங்கும். பாதகம், இரண்டு மருந்தும் ஒன்றல்ல. ஓலன்சபின் தூக்கத்தைத் தருகிறது. அரிபிப்ரசோல் அதைத் தராது. சிலருக்கு உட்கார விடாத ஒரு தவிப்பையும் கொடுக்கும். மாறும் வாரங்களில் தூக்கம் கெட்டு, கால் ஓயாமல் நடக்கும் ஒருவரைப் பார்த்தால் வீட்டில் உள்ளவர்கள் 'பழையபடி ஆகிவிட்டான்' என்று பயந்துவிடுவார்கள். அது நோயா, மருந்தா என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவருக்கே நேரம் பிடிக்கும். அதனால் மாறுவதென்றால் ஒரே நாளில் மாற்றமாட்டார்கள். புதியதைச் சிறிய அளவில் தொடங்கி, பழையதைச் சில வாரங்களில் மெல்ல இறக்குவார்கள். அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் கண்காணிக்க முடியுமா என்பதும் முடிவின் ஒரு பகுதி.

மெட்ஃபார்மினின் சாதகம், வேலை செய்யும் மருந்தைத் தொடவேண்டியதில்லை. ஆய்வுகளில் அது எடையைச் சராசரியாக மூன்று கிலோ அளவுக்கு இறக்குகிறது, சர்க்கரையையும் பிடிக்கிறது, தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்து விழுவது அரிது. உணவோடு 500 மி.கி.யில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் வயிற்றுப் போக்கும் குமட்டலும் பொறுத்துக்கொள்ளும் அளவில் நிற்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று முன்னால் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12-ஐயும். பாதகம், ஒன்பது கிலோ ஏறிய இடத்தில் மூன்று கிலோ இறங்குகிறது. அதாவது சர்க்கரைச் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை, தள்ளிப் போடுகிறது.

என் பார்வையில் இதைத் தீர்மானிப்பது காலமும் வரலாறும். சிகிச்சையின் எந்தக் கட்டத்திலும் எடை 5 விழுக்காடோ அதற்கு மேலோ ஏறினால், மாறுவதைப் பற்றிப் பேசுங்கள் என்று 2004-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை சொன்னது. 61 கிலோ இளைஞனுக்கு 5 விழுக்காடு என்பது மூன்று கிலோ. இவன் முதல் மாதத்திலேயே அதைத் தாண்டியிருக்கக்கூடும். யாரும் எடை பார்க்கவில்லை. இவனுக்கு வயது குறைவு, வேறு எந்த மருந்தும் முயலப்படவில்லை, வீட்டில் அக்காள் இருக்கிறார். மாறுவதற்கான பக்கம் கனமாக இருக்கிறது. மருத்துவரும் அப்படித்தான் முடிவெடுத்தார், ஆனால் முதலில் மெட்ஃபார்மினைத் தொடங்கிவிட்டு, தேறிய நிலை உறுதியாகட்டும் என்று சில மாதம் கழித்து மாற்றினார். இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை நானும் அப்போதுதான் நன்றாக யோசித்தேன்.

இதற்கு நேர்மாறான ஒருவரை நினைத்துப் பாருங்கள். 45 வயது, இரண்டு மருந்துகளில் நோய் திரும்பி, ஓலன்சபினில்தான் பன்னிரண்டு ஆண்டாக நிலையாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார். அவருக்கு எச்பிஏ1சி 6.8 வந்தால் சர்க்கரைக்குச் சிகிச்சை தொடங்குவதுதான் சரி. ஓலன்சபினை மாற்றுவது சூதாட்டம். குளோசபினில் இருப்பவருக்கு இது இன்னும் உறுதி. மற்ற மருந்துகள் தோற்ற பிறகே அது தரப்படுகிறது, அதற்கு இணையான மாற்று இல்லை. அதை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்துதான் தொடங்க வேண்டும், பழைய அளவை அப்படியே விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். 'சர்க்கரைக்காக மூன்று நாள் நிறுத்திப் பார்த்தேன்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாத மருந்து அது.

இங்கே பீடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓலன்சபினையும் குளோசபினையும் கல்லீரல் உடைக்கும் வேகத்தைப் புகை கூட்டிவிடுகிறது. சர்க்கரை வந்துவிட்டதே என்று பீடியை ஒரேயடியாக விட்டவருக்கு, அதே மாத்திரை அளவில் ரத்தத்தில் மருந்து ஏறும். தூக்கமும் தள்ளாட்டமும் கூடும். பீடியை விடுவது நல்லதுதான். விடப்போகிறேன் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஓர் அபாய அறிகுறியை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. ஓலன்சபினோ குளோசபினோ தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை ஏறுவதற்குப் பதில் விறுவிறுவென இறங்குவது, வாந்தி, மூச்சு இரைப்பு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாகச் சிலருக்குச் சர்க்கரை திடீரென்று மிக உயர்ந்து, ரத்தம் அமிலமாகும் நிலை வரும். மனநோய் உள்ளவர் 'உடம்பு சரியில்லை' என்று சொன்னால் அதையும் நோயின் பேச்சாக எடுத்துக்கொள்ளும் வீடுகளில் இது தவறவிடப்படுகிறது.

கொழுப்பு மாத்திரை

ஸ்டாட்டின்களும் சர்க்கரையைச் சற்றுத் தள்ளுகின்றன. 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 255 பேர் நான்கு ஆண்டு ஸ்டாட்டின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு வருகிறது என்று தெரிந்தது. அதே 255 பேரில் அது தடுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதைவிடப் பல மடங்கு. இதய நோய் உள்ளவருக்கு இங்கே ஒப்பிட எதுவுமில்லை, தொடர வேண்டியதுதான்.

எண்ணை நம்புவதற்கு முன்

இந்த முடிவுகள் எல்லாம் ஓர் எண்ணின் மேல் நிற்கின்றன என்பதால் அந்த எண் சரியா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல், தொற்று உள்ள வாரத்தில் எடுத்த சர்க்கரையை வைத்து மாத்திரையைக் குற்றம் சொல்ல வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்று உயர்வாகக் காட்டும். நம் பெண்களிடம் அந்த ரத்தசோகை மிகச் சாதாரணம். மருந்தை மாற்றிய மூன்றாம் வாரத்திலேயே எச்பிஏ1சி எடுத்து 'குறையவில்லையே' என்று சோர்வதும் வீண். அது மூன்று மாதத்தின் சராசரி. இடையில் பார்க்க வேண்டுமென்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஒரே ஆய்வகத்தில் பார்க்கலாம். முழங்கால் வலிக்கு யாராவது ஊசி போட்டார்களா, பெயர் தெரியாத பொடி ஏதும் சாப்பிடுகிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் மேலே சொன்ன ஒப்பீடு முழுவதும் அர்த்தமிழக்கும்.

கடலூர், புதுச்சேரி மக்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. ரத்த அழுத்த மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறது. மனநல மாத்திரை புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் வாங்கப்படுகிறது. கால் வீக்கத்துக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக். மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பதிவேடுகள் ஒன்றையொன்று பார்த்ததில்லை. அதனால் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடச் சொல்கிறேன்: மருந்தின் பெயரும் அளவும், எந்த மாதம் தொடங்கியது, எதற்காகத் தொடங்கியது. பக்கத்திலேயே சர்க்கரை எண்களையும் தேதியோடு எழுத வேண்டும். செம்மண்டலத்து அம்மாவின் தாளில் 'எதற்காக' என்ற பத்தியில் குளோர்தாலிடோனுக்கு நேராகக் கால் வீக்கம் என்று எழுதியிருந்தது. மருத்துவர் பேனாவை எடுத்தது அந்த வரியில்தான்.